பிசிறு போகாமல் நிறம் மாற்றுவது: அன்றும் இன்றும்

தொண்ணூறுகளில் அச்சான குளிர்கால உடைக் கேட்லாக் ஒன்று கையில் கிடைத்தால், அதிலிருக்கும் கம்பளி ஸ்வெட்டர்களின் ஓரத்தைப் பாருங்கள். பல படங்களில் தோள், கை, இடுப்புப் பட்டி எல்லாம் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டியதுபோல நறுக்கென்று முடியும். கம்பளி நூலில் பின்னிய எந்த உடையும் நேரில் அப்படி இருக்காது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சுற்றிலும் மெல்லிய பிசிறு புகைபோல நிற்கும். அந்தப் பிசிறுதான் இது பருத்தியல்ல, கம்பளி என்று கண்ணுக்குச் சொல்கிறது. அன்றைய படங்களில் அதைக் காணோம். ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அது இல்லாதது அன்று யார் கண்ணிலும் படவில்லை.

ஒரே ஸ்வெட்டரின் படத்தை ஏன் பல நிறங்களுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். லூதியானா போன்ற கம்பளிப் பின்னல் ஊர்களில் ஒரு புது வடிவத்துக்கு மாதிரி பின்னும்போது, பெரும்பாலும் ஒரு நிறத்தில்தான் பின்னுவார்கள். ஆறு நிறத்தில் விற்பதாக இருந்தாலும், ஆறு நிற நூலும் சாயமேறி, பின்னி, படம் எடுக்கும் நாளுக்குள் வந்து சேராது. படத்துக்கு நிற்பது ஒரு சிவப்பு ஸ்வெட்டர். மற்ற ஐந்தும் மேசையில் பிறக்கின்றன. அதற்கும் முந்தைய காலத்தில் இந்த வேலையே கிடையாது. ஒரு படத்தைப் போட்டு, பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக மற்ற நிறங்களை அச்சடித்துவிடுவார்கள். மிச்சத்தை வாங்குபவரே மனதில் மாற்றிப் பார்த்துக்கொள்வார்.

கணினி வந்த பிறகு சதுரங்கள் போய், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு படம் வந்தது. போட்டோஷாப் 1990இல் வெளியானது. அதன் ஆரம்பப் பதிப்புகளில் லேயர் இல்லை. அது 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. படத்தைத் தொடாமல் மேலே ஒரு திருத்தத்தை வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996இல் வந்தது. செய்த வேலையில் பல படிகள் பின்னே போகும் வசதி 1998இல் ஐந்தாம் பதிப்பில்தான். அதுவரை ஒரே ஒரு படிதான் திரும்ப முடியும். ஆகவே அன்று நிறம் மாற்றுபவர் பென் கருவியால் ஸ்வெட்டரைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போடுவார், க்ளிப்பிங் பாத் என்று. கோடு எப்போதும் உடையின் ஓரத்திலிருந்து ஒரு மயிரளவு உள்ளே தள்ளித்தான் ஓடும். வெளியே ஓடினால் பின்னணி ஒட்டிக்கொண்டு வரும். கோட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் வெள்ளையாகிவிடும், பிசிறும் சேர்த்து. உள்ளே இருப்பதில் Hue/Saturation பட்டியை நகர்த்தி நிறத்தைத் திருப்புவார்கள்.

அன்று அது போதுமானதாக இருந்ததற்குக் கணக்கே சாட்சி. கேட்லாக் பக்கத்தில் ஸ்வெட்டரின் படம் பத்து சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சு வழக்கப்படி அதற்குச் சுமார் 1,180 பிக்சல் உயரம் போதும். எழுபது சென்டிமீட்டர் ஸ்வெட்டர் அதில் அடங்கினால் ஒரு பிக்சல் உடையில் 0.6 மில்லிமீட்டரை மூடும். மெல்லிய கம்பளி இழையின் தடிமன் 20 முதல் 25 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. தனியே நிற்கும் ஓர் இழை அந்தப் பிக்சலில் இருபதில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. அதற்கு மேல் ஆஃப்செட் அச்சின் புள்ளித் திரை வேறு. பிசிறை வெட்டிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவதற்கே இடமில்லை. அச்சில் ஏறக்கூடிய அளவுக்கு அது படத்தில் இல்லவே இல்லை.

இன்று அதே ஸ்வெட்டர் நாலாயிரம் பிக்சல் உயரத்தில் கைபேசிக்கு வருகிறது. வாங்குபவர் இரண்டு விரலால் விரித்து, கழுத்துப் பட்டியின் ரிப் பின்னல் எப்படி, முன்பக்க முறுக்குப் பின்னலில் கண்ணிகள் நெருக்கமா தளர்வா என்று பார்க்கிறார். இப்போது ஒரு பிக்சல் 0.175 மில்லிமீட்டர். இழை இன்னமும் பிக்சலில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் நாலைந்து இழைகள் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாயல் வந்துவிடும். இந்த வேலையின் முழுச் சங்கடமும் இங்கேதான் இருக்கிறது. பிசிறு தெரிகிறது, ஆனால் ஒரு பிக்சலைக்கூட அது முழுசாக நிரப்புவதில்லை. ஓரத்துப் பிக்சல் ஒவ்வொன்றும் கொஞ்சம் கம்பளி, கொஞ்சம் பின்னணி. இது ஸ்வெட்டர், இது பின்னணி என்று கோடு கிழிக்க அங்கே இடமே கிடையாது.

கருவிகள் இந்தச் சிக்கலைத் துரத்திக்கொண்டுதான் வந்திருக்கின்றன. 1999இல் Extract வந்தது. ஓரத்தின்மேல் தடிமனாகப் பச்சைக்கோடு இழுத்தால் அந்தப் பட்டைக்குள் எது முடி எது பின்னணி என்று அது ஊகிக்கும். 2007இல் Refine Edge, 2010இல் அதற்குப் பெரிய முன்னேற்றம், 2016இல் Select and Mask என்று தனி அறையே. இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் ஸ்வெட்டர் முழுவதும் தேர்வாகி நிற்கிறது. முன்பு முக்கால் மணி நேரம் பென் கருவியோடு உட்கார்ந்து செய்தது சில நொடியில் முடிகிறது. இது உண்மையான ஆறுதல். மணிக்கட்டு வலிக்க வலிக்கக் கோடு போட்ட தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பொத்தானைத் தட்டி வந்த மாஸ்க்கை அப்படியே வைத்து நிறம் மாற்றினால், பத்தில் பல படங்களில் மஞ்சள் ஸ்வெட்டரைச் சுற்றி ஒரு ரோஜா நிற மெல்லிய வளையம் நிற்கும். எங்கள் அறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் திரையைக் காட்டி, “அண்ணே, மாஸ்க் நல்லாத்தானே இருக்கு, ஏன் சுத்திச் செவப்பா தெரியுது?” என்றான்.

“மாஸ்க் நல்லாத்தான்டா இருக்கு. பிசிறு அதுக்கு வெளியில இருக்கு. சேனலைத் திறந்து பாரு.”

அவன் மாஸ்க்கை விரித்தான். சிவப்பு போயிற்று, பதிலுக்கு வெள்ளைப் பின்னணியில் ஒரு மஞ்சள் பனி படர்ந்தது. உள்ளே இழுத்தால் சிவப்பு, வெளியே தள்ளினால் மஞ்சள். மாஸ்க்கின் ஓரத்தை நகர்த்திக்கொண்டே இருப்பதால் இது தீராது. சேனலைத் திறந்து பார்க்கும் பழக்கம் பழைய ஆட்களிடம் இருந்தது, தேர்வுப் பொத்தான் இல்லாததால் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். இந்த வேலைக்கு அது இன்னமும் மிகச் சிறந்த வழி என்பது என் திடமான எண்ணம்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். அடர் சிவப்பு ஸ்வெட்டர், வெள்ளைப் பின்னணி, கடுகு மஞ்சளாக்க வேண்டும். சிவப்பின் நடுத்தர வெளிச்ச இடத்தில் எண்கள் 170, 35, 45 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்). போய்ச் சேரவேண்டிய மஞ்சள் 205, 155, 45. பின்னணி 245, 245, 245.

பலரும் முதலில் செய்வது, மேலே ஒரு Solid Color லேயரைக் கடுகு மஞ்சளில் வைத்து, அதன் கலவை முறையை Color ஆக்குவது. இந்த முறை கீழேயிருக்கும் படத்தின் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றும். அதனால் கண்ணி கெடாது என்று நம்பிச் செய்வார்கள். கண்ணி கெடாதுதான், நிறம் வராது. அந்த வெளிச்சத்தை அது கணக்கிடுவது சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்ற விகிதத்தில். நம் சிவப்புக்கு அது சுமார் 77. கடுகு மஞ்சளுக்கு 158. 77 வெளிச்சத்தில் கடுகு மஞ்சள் என்று ஒன்று கிடையாது. அங்கே கிடைப்பது 109, 75, 0 போன்ற ஒரு பழுப்பு. காய்ந்த புளியின் நிறம். உடனே கை Curves பக்கம் போகும். 77ஐ 158க்குத் தூக்குவார்கள். தூக்கியதும் கண்ணிகளுக்கு நடுவிலிருந்த இருட்டில் மணல் தெறித்ததுபோல் புள்ளிகள் கிளம்பும், நூலின் மேடுகள் பிளாஸ்டிக்போல் மின்னும்.

ஏன் என்றால் அந்த வெளிச்சக் கணக்கில் பெரும்பங்கு எடை பச்சை சேனலுக்கு. சிவப்புக் கம்பளி பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே பச்சை சேனலில் இந்த ஸ்வெட்டர் கிட்டத்தட்ட கறுப்பு. கேமரா அங்கே பதிவு செய்தது கொஞ்சம் கண்ணி, நிறைய இரைச்சல். இரண்டு மடங்காகப் பெருக்கினால் இரைச்சலும் இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு. இழையின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெள்ளை மினுக்கம் எல்லா சேனலிலும் ஒரே அளவு. இருண்ட பச்சை சேனலில் அது மட்டுமே துருத்திக்கொண்டு நிற்கும். தூக்கும்போது முதலில் எழுவதும் அதுதான். பிளாஸ்டிக் தோற்றம் அங்கிருந்து வருகிறது.

இப்போது Channels பலகையில் சிவப்பு சேனலை மட்டும் தனியே பாருங்கள். அதில் ஒரு வெளிர் சாம்பல் ஸ்வெட்டர் உட்கார்ந்திருக்கும். நடுத்தர இடம் 170. நூலின் மேடு 225, கண்ணிகளுக்கு இடையிலான பள்ளம் 85. ஒவ்வொரு கண்ணியும், முறுக்குப் பின்னலில் ஒரு புரி இன்னொன்றின்மேல் ஏறும் இடமும், இரைச்சலின்றித் தெளிவாக இருக்கும். சிவப்பு வெளிச்சத்தின் கண்ணுக்கு இது சிவப்பு ஸ்வெட்டரே அல்ல, வெளிர் நூலில் பின்னிய ஸ்வெட்டர். வெளிர் நூலில் நிழல் எப்படி விழுமோ அப்படியே இங்கேயும் விழுந்திருக்கிறது. வெளிர் நூலின் பள்ளத்துக்குள் போன வெளிச்சம் இழைக்கு இழை தெறித்துத் திரும்பி வரும், நிழல் இளகி நிற்கும். அடர் நூலில் முதல் தெறிப்பிலேயே விழுங்கப்பட்டுப் பள்ளம் இருண்டுவிடும். கடுகு மஞ்சள் ஓரளவு வெளிர் நூல். அதற்கு வேண்டிய இளகிய நிழல் சிவப்பு சேனலில் தயாராக இருக்கிறது. நாம் வரைய வேண்டியதில்லை.

ஆகவே படத்தின்மேல் முதலில் வைக்க வேண்டியது Channel Mixer. Monochrome பெட்டியில் டிக் போட்டு, சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0. ஸ்வெட்டர் வெளிர் சாம்பலாகிவிடும். இதற்கு மேல் ஒரு Curves, 170ஐ 158க்கு இறக்கினால் போதும். முன்பு இரண்டு மடங்கு ஏற்ற வேண்டியிருந்தது, இப்போது ஒரு சின்ன இறக்கம். அதற்கு மேலே Color முறையில் கடுகு மஞ்சள். கண்ணி அத்தனையும் நிற்கும். நிஜமான மஞ்சள் நூலில் பள்ளங்கள் சற்று ஆரஞ்சுப் பக்கம் சாயும், நீல வெளிச்சம் அங்கே மேலும் மேலும் விழுங்கப்படுவதால். கண் மிகவும் கூர்மையான வாடிக்கையாளர் என்றால் நிழல் பகுதிக்கு மட்டும் துளி ஆரஞ்சு சேர்ப்பேன். இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

பிசிறுக்கு வருவோம். இங்கேதான் பின்னணி வெள்ளையாக இருப்பது பெரிய வரம். வெள்ளையோ சாம்பலோ, மூன்று எண்களும் சமமாக உள்ள பின்னணியில் சிவப்பு சேனலை மட்டும் எடுத்தாலும் அது மாறுவதில்லை. 245 அப்படியே 245. எனவே Channel Mixer லேயரின் மாஸ்க் துல்லியமாக இருக்கவே தேவையில்லை. ஸ்வெட்டரைத் தாண்டி, பிசிறைத் தாண்டி, பின்னணிக்குள் தாராளமாக நீட்டிவிடலாம். ரோஜா வளையம் அப்போதே ஒழிந்தது. பிசிறில் மீந்திருந்த சிவப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது.

நிறம் தரும் லேயருக்குத்தான் கவனமான மாஸ்க் வேண்டும். அதையும் கையால் வரைய வேண்டாம். Image மெனுவில் Calculations. ஒரு மூலமாக Red, இன்னொன்றாக Green, கலவை முறை Difference, முடிவு New Channel. சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு புது சேனலாக வரும். பின்னணியில் வித்தியாசம் பூஜ்யம், அதனால் கறுப்பு. முழுக் கம்பளியில் 170இல் 35 போக 135. பிசிறில் இரண்டுக்கும் நடுவே, கம்பளி எவ்வளவு உண்டோ அதற்கேற்ப. Levelsஇல் வெள்ளை முனையை 135க்குக் கொண்டுவந்தால் இதுவே மாஸ்க். பெரிதாக்கிப் பார்த்தால் இழை இழையாக, நாம் கையால் ஒருநாளும் வரைய முடியாத ஒரு மாஸ்க் தெரியும்.

ஒரு பிக்சலை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். பாதி கம்பளியும் பாதி பின்னணியும் உள்ள ஓரப் பிக்சல் ஒன்று. வெளிச்சம் கேமராவுக்குள் கலந்த பிறகுதான் எண்ணாகிறது, வெள்ளையின் கை அங்கே ஓங்கும். அதனால் பதிவாவது நடுவிலிருக்கும் எண் அல்ல, சுமார் 212, 181, 182. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் 31. மாஸ்க்கில் அது 23 சதவீதம். நம் லேயர்கள் வழியாகப் போய் வெளிவரும் எண் ஏறத்தாழ 220, 209, 186. உண்மையிலேயே மஞ்சள் ஸ்வெட்டரை அதே இடத்தில் படம் எடுத்திருந்தால் அந்தப் பிக்சல் 226, 207, 182 என்று வந்திருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் கண் இல்லை. பாதி இழை இருக்கிறது என்று கண்டு 50 சதவீதம் போடுகிற மாஸ்க்கில் நீல எண் 150 பக்கம் இறங்கிவிடும். அதுதான் வெள்ளையின்மேல் படரும் அந்த மஞ்சள் பனி. தேர்வுப் பொத்தான் எவ்வளவு உடை இருக்கிறது என்று அளக்கிறது. நமக்கு வேண்டியது எவ்வளவு நிறம் இருக்கிறது என்ற அளவு. இரண்டும் ஒன்றல்ல.

இந்த மாஸ்க்கில் ஒரு குறை உண்டு. உடைக்குள்ளே பள்ளங்களில் சிவப்பு குறைவு, எனவே வித்தியாசமும் குறைவு. மாஸ்க் அங்கே சாம்பலாகிவிடும். அப்படியே விட்டால் கண்ணிகளுக்கு நடுவில் நிறம் வற்றி, ஸ்வெட்டர் சாம்பல் கோடு போட்டதுபோலத் தெரியும். மாஸ்க்கின் உட்பகுதியை ஓரத்திலிருந்து பத்துப் பதினைந்து பிக்சல் உள்ளே தள்ளி வெள்ளையால் நிரப்பிவிட வேண்டும். ஓரம் மட்டும் சேனலின் கணக்கு, உள்ளே நம் தூரிகை. பொத்தானால் வந்த தேர்வைச் சுருக்கி உள்ளே ஊற்றினால் இந்த வேலை நிமிஷத்தில் முடியும். இன்றைய கருவிக்கு நான் கொடுக்கும் இடம் அதுதான். Curves லேயருக்கும் இதே மாஸ்க்தான்.

Select and Mask அறையில் இருக்கும் Decontaminate Colors என்ற தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரத்தில் ஒட்டிய பின்னணி நிறத்தைத் துடைத்து, உள்ளிருக்கும் நிறத்தை வெளியே பரப்புவது அதன் வேலை. ஆளை வெட்டி வேறு பின்னணியில் ஒட்டுவதற்கு அருமையான உதவி. இங்கே அதைத் தொடக் கூடாது. எந்தப் பிக்சலில் எவ்வளவு கம்பளி என்று சொல்லும் ஒரே சாட்சி ஓரத்தில் கலந்திருக்கும் அந்த நிறம்தான். அதை அழித்தபின் கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை.

சாட்சி கெடக்கூடிய இன்னொரு இடம் கோப்பு. சாதாரண ஜேபெக் கோப்புகளில் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்திலும், நிறத்தை அதில் பாதி நுணுக்கத்திலும் சேமிப்பார்கள். சாதாரணமாகப் பார்க்கையில் தெரியாது. சேனல் வித்தியாசத்தை எடுக்கும்போது பிசிறு இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால், வந்த கோப்பு அப்படிப்பட்டது என்று அர்த்தம். ஸ்டூடியோவிடம் ராவ் கோப்பையோ அதிலிருந்து எடுத்த டிஃப் கோப்பையோ கேட்டு வாங்குவதே வழி. அதேபோல் படம் எடுத்தபோது விளக்கு மிஞ்சி, சிவப்பு சேனலில் மேடுகள் 255ஐத் தொட்டு நின்றால், அந்த இடங்களில் கண்ணியே இல்லை, வெள்ளைத் திட்டுதான். முழுப் படத்தில் பார்த்தால் நல்ல பளிச்சென்ற சிவப்பாகத்தான் தெரியும், தனிச் சேனலில் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஸ்வெட்டரை மேசையில் விரித்தோ பொம்மைக்கு மாட்டியோ எடுத்த படத்தில் இதெல்லாம் சுலபம். ஆள் அணிந்திருந்தால் கழுத்தும் மணிக்கட்டும் கூடவே வரும். மனிதத் தோலிலும் சிவப்பு மிகுதி, பச்சை குறைவு. Difference சேனலில் தோலும் சாம்பலாகத் தெரியும். அந்த இடங்களைக் கையால்தான் மறைக்க வேண்டும். தோலின்மேல் விழும் பிசிறை, சின்னத் தூரிகையை 20 சதவீத அழுத்தத்தில் வைத்து இழை இழையாக மாஸ்க்கில் இழுக்க வேண்டும். பழைய பொறுமைக்கு இன்னும் வேலை இருக்கும் இடம் அது. தோட்டத்திலோ செங்கல் சுவர் முன்னாலோ எடுத்த படத்திலும் அப்படித்தான். பின்னணிக்கே நிறம் இருந்தால் வித்தியாசக் கணக்கு அதையும் சேர்த்துப் போட்டுவிடும்.

பிறகு முகவாய்க்கட்டை. சிவப்பு ஸ்வெட்டரில் பட்ட வெளிச்சம் மேலே தெறித்து, அணிந்தவரின் தாடைக்கு அடியில் ஒரு சிவப்புச் சாயலைப் பூசியிருக்கும். உள்ளே போட்ட வெள்ளைக் காலரிலும் அது தெரியும். ஸ்வெட்டர் மஞ்சளான பிறகும் தாடை சிவந்தே இருந்தால், பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று பட்டுவிடும். கண்ணி, பிசிறு இரண்டையும் காப்பாற்றிய பிறகு இதில் கோட்டை விட்ட படங்களைப் பெரிய தளங்களிலேயே பார்க்கலாம். அந்த இடத்தில் மட்டும் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி, மஞ்சளை மிகமிகக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும்.

அடர் நிறத்துக்குப் போவதென்றால் கணக்கு மாறும். இதே சிவப்பை பாட்டில் பச்சையாக்க வேண்டுமானால் சிவப்பு சேனலை மட்டும் எடுப்பது தப்பு. அதன் இளகிய நிழல்கள் அடர் பச்சை நூலுக்குப் பொருந்தாது. இருட்டடித்த பிறகும் வெளுத்த துணிபோல் தட்டையாக இருக்கும். அப்போது Channel Mixerஇல் சிவப்பைப் பாதியாகக் குறைத்துப் பச்சையைப் பாதி சேர்ப்பேன். பச்சை சேனலின் ஆழமான பள்ளங்கள் இங்கே உதவிக்கு வரும், இறக்கும்போது இரைச்சலும் அமுங்கிவிடும். விகிதம் ஒவ்வொரு நூலுக்கும் வேறு. பக்கத்தில் அதே பின்னலில் நிஜமான அடர் நிற ஸ்வெட்டர் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, பள்ளத்தின் இருட்டை ஒப்பிட்டு நகர்த்துவதுதான் முறை.

மெலாஞ்ச் நூலுக்கு இவை எதுவும் பொருந்தாது. சாம்பல் மெலாஞ்சில் வெள்ளை இழையும் கறுப்பு இழையும் நூற்கும்போதே கலந்திருக்கின்றன. அதன்மேல் ஒரே நிறத்தை ஊற்றினால் வெள்ளை இழையும் சாயம் குடித்து, நூலின் குணமே போய்விடும். வெளிர் இழைகளை மட்டும் விலக்கிவைக்கும்படி வெளிச்ச அளவை வைத்து மாஸ்க் செய்து கொஞ்சம் சமாளிக்கலாம். திருப்தியாக இருந்ததில்லை.

கருநீலத்திலிருந்து தந்த வெள்ளைக்கு மாற்றச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். அன்றும் கேட்டார்கள். கருநீல ஸ்வெட்டரில் எந்தச் சேனலைத் திறந்தாலும் இருட்டுதான். நீல சேனலில்கூடக் கொஞ்சம்தான் கண்ணி இருக்கும். தூக்கினால் வருவது கேமராவின் இரைச்சல். நல்ல ஸ்டூடியோக்களில் இப்போது வழக்கம் தலைகீழாகியிருக்கிறது. பல நிறங்களில் விற்கப்போகும் வடிவத்துக்கு மாதிரியை வெளிர் சாம்பலிலோ சாயமிடாத நூலின் நிறத்திலோ பின்னச் சொல்லி, அதைப் படம் எடுக்கிறார்கள். மூன்று சேனலிலும் கண்ணி நிறைந்திருக்கும். அங்கிருந்து எந்த நிறத்துக்கும் இறங்கலாம். அடர் நிறங்களுக்கென்று கறுப்பில் ஒரு துண்டு பின்னி, அதே விளக்கில் ஒரு படம் கூடுதலாக எடுத்துவைப்பார்கள். ஆனால் சாம்பல் மாதிரியை வெள்ளைப் பின்னணியில் எடுத்தால் நிற வித்தியாசக் கணக்கு போடவே முடியாது, இரண்டும் நிறமற்றவை என்பதால். அதற்காகப் பின்னணியை மட்டும் வெளிர் நீலமாக்கி இன்னொரு படம், கேமராவை அசைக்காமல், மாஸ்க்குக்காகவே எடுக்கச் சொல்கிறோம். ஸ்வெட்டர் துளி அசைந்தாலும் இரண்டு படத்தின் பிசிறும் பொருந்தாது. விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.